பேசும் சொற்கள்: பள்ளி அறிவியல் நூலுக்குக் கலைச்சொல் ஆக்குவது எப்படி?

அறிவியல் பாடநூலுக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்குவது என்றால், இடப்பக்கம் ஆங்கிலச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வலப்பக்கத்தை நிரப்புவது என்றே இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எண்ணுகிறார்கள். அப்படி நிரப்பிய பட்டியல்களில் பல சொற்கள் ஆங்கிலத்தைவிடக் கடினமாகிவிடுவதற்குக் காரணம், இரண்டு மொழிச் சொற்களும் மாணவரிடம் ஒரே வகையில் வேலை செய்வதில்லை என்பதுதான். 'ஆஸ்மாசிஸ்' என்ற சொல் வடசென்னையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவிக்கு வெறும் ஒலி. அது அவளிடம் எதையும் சொல்வதில்லை. ஆகவே அவள் அதன் பொருள் முழுவதையும் வரையறையிலிருந்தே பெற்றுக்கொள்கிறாள். 'சவ்வூடு பரவல்' என்ற சொல்லோ அவள் காதில் விழுந்த நொடியிலேயே பேசத் தொடங்கிவிடுகிறது. ஏதோ ஒன்று பரவுகிறது, அதில் சவ்வுக்குப் பங்கு இருக்கிறது என்று அவள் மனம் தானாக ஓர் ஊகத்தைக் கட்டிக்கொள்கிறது. அந்த ஊகம் சரியாக இருந்தால் பாடத்தின் பாதி வேலை முடிந்துவிடும். தவறாக இருந்தால், ஆசிரியர் முதலில் அந்த ஊகத்தைக் கலைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே தமிழ்க் கலைச்சொல்லிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது தன் வாயால் பொய் சொல்கிறதா என்பதே.

இதை ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. சவ்வூடு பரவலையே எடுத்துக்கொள்வோம். நீரை மட்டும் விட்டு, கரைந்திருக்கும் உப்பையோ சர்க்கரையையோ விடாத ஒரு சவ்வின் இரு பக்கமும் வெவ்வேறு செறிவுள்ள கரைசல்கள் இருந்தால், நீர் அந்தச் சவ்வைக் கடந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கிச் செல்லும். முட்டை ஒன்றை ஓரிரு நாள் வினிகரில் போட்டுவைத்தால் ஓடு கரைந்துபோய், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வோடு முட்டை முழுதாகக் கையில் வரும். அதைச் சாதாரண நீரில் இட்டால் உப்பிப் பெருக்கிறது. கெட்டியான சர்க்கரைப் பாகில் இட்டால் சுருங்கித் தொளதொளவென்று ஆகிறது. வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் தொலைவில் இல்லை. காசிமேட்டில் மீனுக்கு உப்பிட்டுக் கருவாடு போடுவதைப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் நீரும் இந்தப் பகுதிகளுக்கு வந்திருக்கிறது. கண்முன்னே நடப்பதற்குப் பெயரிடும்போதுதான் சொல்லின் குறை பளிச்சென்று தெரியும்.

இந்தப் பாடத்தின் அடிப்படைச் சொற்கள் மிக நன்றாக அமைந்திருக்கின்றன. அவை ஏன் நன்றாக இருக்கின்றன என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றவற்றை எடைபோடுவது எளிது. உப்பு நீரில் கரைகிறது. கரையும் உப்பு கரைபொருள், கரைக்கும் நீர் கரைப்பான், இரண்டும் சேர்ந்து கிடைப்பது கரைசல், எவ்வளவு கரையும் என்பதைக் குறிப்பது கரைதிறன். எல்லாம் 'கரை' என்ற ஒரே வினையிலிருந்து பிறந்தவை. ஆங்கிலத்தில் சால்யூட், சால்வென்ட், சொல்யூஷன் என்ற மூன்றும் ஒலியால் நெருங்கியவை. எது எது என்பதை மாணவர் மனப்பாடம் செய்தே ஆகவேண்டும். தமிழில் சொல்லின் இறுதியே தன் வேலையைச் சொல்லிவிடுகிறது: 'பொருள்' என்று முடிவது கரையும் பொருள், 'ப்பான்' என்று முடிவது அதைச் செய்வது. மேலும் இவை வாக்கியத்துக்குள் தாராளமாக நடமாடுகின்றன. கரைந்தது, கரையாத, கரைத்த பிறகு என்று எந்த வடிவத்துக்கும் போகலாம். கலைச்சொல் ஒரு பெயர்ப்பலகையாக நின்றுவிடாமல் வினையாகவும் அடையாகவும் மாற வேண்டும் என்ற தேவையைப் பட்டியல் எழுதுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஏனென்றால் பட்டியலில் வாக்கியம் இல்லை.

இதிலிருந்தே கடன்சொல் பற்றிய ஒரு நடைமுறை முடிவும் கிடைக்கிறது. பொருள்களின் பெயர்களும் அலகுகளின் பெயர்களும் கடன்சொல்லாக நன்றாக வாழும். ஆக்சிஜன், வைட்டமின், பாஸ்கல், செல் ஆகியவற்றை மாற்ற முயல்வதால் மாணவருக்கு ஆதாயம் குறைவு. வேற்றுமை உருபு சேர்ந்தால் அவற்றுக்குப் போதும். ஒரு நிகழ்வின் பெயரோ நாள்முழுதும் வினையாக மாறிக்கொண்டே இருக்கும். 'நீர் ஆஸ்மாசிஸ் ஆகிறது' என்று எழுதினால் நீருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பொருள்படும். 'ஆஸ்மாசிஸ் மூலம் செல்கிறது' என்று ஒவ்வொரு முறையும் சுற்றி வளைக்க வேண்டும். அதனால் நிகழ்வுகளுக்குத் தமிழ் வேர் தேடுவதுதான் மாணவருக்கு எளிது என்பது என் உறுதியான கருத்து.

இனி ஆஸ்மாசிஸ் என்ற நிகழ்வுக்கு நம் முன்னால் இருக்கும் சொற்களைப் பார்ப்போம். இலங்கைப் பாடநூல்களில் இது 'பிரசாரணம்' என்று வழங்குகிறது. அங்கே அது வேரூன்றிய சொல். ஆனால் சென்னையில் பிரசாரம் என்பது தேர்தல் நேரத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால், இங்கே அது தவறான கதவைத் தட்டும்.

'ஊறல்' என்ற சொல்லைத் தண்டையார்பேட்டையில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை முன்மொழிந்தார். அவர் சொன்ன காரணம் வலுவானது: உளுந்து ஊறுகிறது, உலர்ந்த திராட்சை ஊறுகிறது, மீன் உப்பில் ஊறுகிறது, இந்தச் சொல்லை அறியாத பிள்ளை இல்லை. ஆனால் அந்தச் சொல்லை அருகே வைத்துப் பார்த்தால் அதன் அகலம் தெரிகிறது. திராட்சை ஊறும்போது நீர் உள்ளே போகிறது. மீன் உப்பில் ஊறும்போது நீர் வெளியே வருகிறது, உப்பும் கொஞ்சம் கொஞ்சமாக மீனுக்குள் போகிறது. கிணற்றில் நீர் ஊறுவதோ முற்றிலும் வேறு. உளுந்து நீரை உறிஞ்சி உப்புவதற்கு உயிரியலில் உள்ளீர்த்தல் என்று தனிப் பெயரும் இருக்கிறது. போதாததற்கு, நாளிதழ்களில் ஊறல் என்றால் சாராய ஊறல். பாடத்தின் முதல் பத்தியில், 'மீன் உப்பில் ஊறும்போது அதிலிருந்து நீர் ஏன் வடிகிறது?' என்று கேட்பதற்கு இந்தச் சொல் மிகப் பொருத்தம். கலைச்சொல்லாக நிற்பதற்கு அல்ல. அன்றாடச் சொல் எல்லாருக்கும் தெரியும் என்பதோடு, அது ஏற்கெனவே எத்தனை வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வழங்கும் 'சவ்வூடு பரவல்' இவற்றைவிட நல்ல சொல். ஆனாலும் அதைச் சோதிக்காமல் விடக்கூடாது. சோதனை மிக எளிது: பாடம் தொடங்குவதற்கு முன், எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, இதைக் கேட்டால் என்ன தோன்றுகிறது என்று மாணவர்களை ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே நமக்குத் தேவை. தண்டையார்பேட்டை வகுப்பில் வந்த விடைகளில் மூன்று வகை கவனத்துக்குரியவை. சிலர் சவ்வு பரவுகிறது என்று எழுதினார்கள். பலர் உப்பு சவ்வைத் தாண்டிப் பரவுகிறது என்று எழுதினார்கள். ஒரு மாணவன் 'சவ்வு இருக்கும் வீடு' என்று எழுதியிருந்தான். இந்தக் கடைசி விடை விளையாட்டாகத் தோன்றலாம், ஆனால் அவன் பிழை செய்யவில்லை. வடசென்னைப் பேச்சில் வீடு என்பது ஊடு. 'ஊட்டாண்ட வா', 'ஊட்டுக்குப் போறேன்' என்று நாள்தோறும் பேசும் பிள்ளைக்கு, 'வழியாக' என்று பொருள்படும் இலக்கிய வழக்கு 'ஊடு' எங்கிருந்து தெரியும்? ஊடுருவு என்ற சொல்லை அவன் செய்தியில் கேட்டிருப்பான். ஆனால் சவ்வோடு ஒட்டிப் புணர்ந்த பிறகு அந்தச் சிறு சொல் அவன் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை.

இப்போது முடிவெடுக்க வேண்டிய இடம். புதிதாக ஆக்குவதாக இருந்தால் நான் 'சவ்வுவழிப் பரவல்' என்றே வைப்பேன். வழி என்பது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும், பொருளும் அதேதான். ஆனால் சவ்வூடு பரவல் என்பது உயர் வகுப்பு நூல்களிலும் வினாத்தாள்களிலும் ஏற்கெனவே பரவிவிட்ட சொல். ஒரு வகுப்பில் மட்டும் அதை மாற்றினால், அடுத்த வகுப்புக்குப் போகும் மாணவர் ஒரே நிகழ்வுக்கு இரண்டு பெயர் கற்கவேண்டும். அந்தச் சுமை ஊடு என்ற சொல்லைக் கற்பதைவிடப் பெரியது. ஆகவே சொல்லை மாற்றாமல், அது முதன்முதலில் வரும் இடத்தில் அதைப் பிரித்துக் காட்டுவதே சரி: 'ஊடு என்றால் வழியாக என்று பொருள், சவ்வின் ஊடாக நீர் பரவுவது சவ்வூடு பரவல்.' இந்த ஒரு வரி முதல் இரண்டு தவறான ஊகங்களையும் சேர்த்தே தீர்த்துவிடுகிறது, ஏனென்றால் பரவுவது நீர் என்பது அதில் வந்துவிட்டது.

பரவுவது நீர் என்பதைச் சொல்லுக்குள்ளேயே நுழைத்துச் 'சவ்வூடு நீர்ப்பரவல்' என்று ஏன் வைக்கக்கூடாது என்று கேட்பார்கள். இது நல்லெண்ணத்தில் பிறக்கும் ஆசை. கலைச்சொற்கள் நீண்டு கடினமாவதற்கு இதுவே முதற்காரணம். சொல்லுக்குள் வரையறை முழுவதையும் திணித்தால் அது உச்சரிக்க முடியாத தொடராகிறது. 'நீர் சவ்வூடு நீர்ப்பரவல் அடைகிறது' என்று வாக்கியமும் தடுமாறுகிறது. உயர் வகுப்பில் நீர் அல்லாத கரைப்பான் வரும்போது சொல்லே தவறாகவும் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்துக்கும் இந்தக் கட்டம் இருந்தது. உள்நோக்கிய ஓட்டத்துக்கும் வெளிநோக்கிய ஓட்டத்துக்கும் தனித்தனியாக எண்டாஸ்மோஸ், எக்ஸாஸ்மோஸ் என்று வழங்கியதைச் சுருக்கி, வெறும் ஆஸ்மோஸ் என்று வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் எழுதியது 1854இல். திசையைச் சொல்வது வாக்கியத்தின் வேலை என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

திசையைச் சொல்லும் அந்த வாக்கியத்தில்தான் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முந்தைய பக்கத்தில், பரவல் என்றால் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்வது என்று மாணவர் படித்திருப்பார். அடுத்த பக்கத்தில், சவ்வூடு பரவலில் செறிவு குறைந்த கரைசலிலிருந்து மிகுந்த கரைசலுக்கு நீர் செல்கிறது என்று எழுதினால், பரவல் என்ற ஒரே சொல் இரண்டு எதிரெதிர் செய்திகளைச் சொல்வதாக ஆகிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் செறிவு என்பது பரவும் பொருளின் செறிவு, இரண்டாவதில் கரைபொருளின் செறிவு என்பதை நாம் அறிவோம். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை அறியாது. 'நீர் மிகுந்த பக்கத்திலிருந்து நீர் குறைந்த பக்கத்துக்கு நீர் செல்கிறது' என்று முதலில் எழுதிவிட்டு, 'நீர் குறைந்த பக்கம் என்பது உப்பின் செறிவு மிகுந்த பக்கம்' என்று அடுத்த வாக்கியத்தில் சேர்த்தால், பரவல் என்ற சொல் தன் பொருளை இழக்காது.

செறிவு என்ற சொல்லையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அமிலப் பாடத்தில் 'அடர் அமிலம்', 'நீர்த்த அமிலம்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. இயற்பியல் பாடத்திலோ அடர்த்தி என்பது குறிப்பிட்ட பருமனில் எவ்வளவு நிறை இருக்கிறது என்பதைக் குறிக்கும். அடர், அடர்த்தி என்ற இரண்டையும் தொடர்ந்து படிக்கும் மாணவர், உப்பு மிகுந்த நீர் என்றால் அடர்த்தி மிகுந்த நீர், ஆகவே செறிவும் அடர்த்தியும் ஒன்று என்று எண்ணிவிடுகிறார். உப்புநீர் அடர்த்தியும் கூடுதலாக உடையது என்பதால் அந்தத் தவறு நெடுநாள் பிடிபடாமலே இருக்கும். எண்ணெய், சாராயம் ஆகியவற்றின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்ற பாடம் வரும்போதுதான் சறுக்கும். செறிவு என்ற வேரையே பாடம் முழுவதும் பிடித்துக்கொண்டு, செறிவு மிகுந்த, செறிவு குறைந்த என்று எழுதினால் இந்தக் குழப்பம் எழாது.

தவறாகப் பேசும் சொல்லுக்கு இந்தப் பாடத்திலேயே இருக்கும் தெளிவான உதாரணம் 'அரைகடத்து சவ்வு'. ஆங்கிலச் சொல்லின் 'செமி' என்ற முன்னொட்டுக்கு நேராக 'அரை' என்று வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் அந்த முன்னொட்டு சரியான பொருளைத் தருவதில்லை. ஆனால் பெரும்பாலான மாணவர்களுக்கு அது காதில் உறைக்காத ஒலி என்பதால் கேடு செய்வதில்லை. தமிழில் அரை என்றால் பாதி. வரும் உப்பில் பாதியை விட்டு மீதியை நிறுத்தும் சவ்வு என்று பிள்ளைகள் எண்ணுவது முற்றிலும் இயல்பு. உண்மையில் அந்தச் சவ்வு சிலவற்றை விடுகிறது, சிலவற்றை விடுவதில்லை. 'தேர்ந்துவிடும் சவ்வு' என்று முயன்றால், தேறிவிடும் என்பது போன்ற ஒலி வந்து பொருள் நழுவுகிறது. 'தேர்ந்து புகவிடும் சவ்வு' உண்மையைச் சொல்கிறது, ஆனால் நீளம். நீளமான சொல்லுக்கு ஒரு வழி உண்டு: பாடத்தில் முதன்முறை முழுத்தொடரையும் தடித்த எழுத்தில் எழுதி, 'இனி இந்தப் பாடத்தில் சவ்வு என்றாலே இதுதான்' என்று சொல்லிவிட்டால், பிறகு சவ்வு என்ற ஒற்றைச் சொல்லே போதும். சவ்வு என்பதும் பிள்ளைகளுக்கு அந்நியமில்லை. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு அடியில் வரும் மெல்லிய தோலைக் காட்டினால் முடிந்தது.

எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் கலைச்சொல் தேவையா என்பதையும் கேட்க வேண்டும். ஹைப்பர்டோனிக், ஹைப்போடோனிக், ஐசோடோனிக் என்ற மூன்றில் முதல் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வகுப்பின் கடைசிப் பெஞ்சில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். உயர்செறிவு, தாழ்செறிவு என்ற தமிழ்ச் சொற்கள் அந்த வகையில் ஆங்கிலத்தைவிட எளியவை. ஆனால் உயர்செறிவு என்றால் எதைவிட உயர்வு என்ற கேள்வி தொங்கி நிற்கிறது. பள்ளி அளவில் 'செல்லைவிடச் செறிவு மிகுந்த கரைசல்', 'செல்லைவிடச் செறிவு குறைந்த கரைசல்', 'செல்லின் செறிவே உள்ள கரைசல்' என்று தொடராகவே எழுதிவிடலாம். அங்கே சொல்லைவிடத் தொடர் எளிது, துல்லியமும் அதிகம்.

காட்டுப்பள்ளிக்கு வருவோம். அங்கே நடப்பதை நூல்கள் எதிர்ச் சவ்வூடு பரவல் என்கின்றன. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சவ்வின் மறுபக்கத்தில் நன்னீர் இருந்தால், இயல்பாக நன்னீர்தான் கடல்நீரை நோக்கிப் போகும். அந்த ஓட்டத்தை நிறுத்தவே ஏறத்தாழ 27 வளிமண்டல அளவு அழுத்தம் வேண்டும். திருப்பி அனுப்ப அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ அழுத்தம் கொடுக்கிறார்கள். இங்கே எதுவும் தானாகப் பரவவில்லை, பம்பு தள்ளுகிறது. ஆகவே கடுமையாகப் பார்த்தால் பரவல் என்ற சொல் இங்கே பொருந்தாது. அழுத்தத்தைச் சொல்லும் வேறு சொல் ஒன்றை ஆக்கலாம். ஆனால் அப்போது சவ்வூடு பரவலோடு உள்ள உறவு அறுந்து, எதன் எதிர் இது என்பதை மாணவர் இழப்பார். இந்த இழப்பு பெரிது என்று கருதி, எதிர்ச் சவ்வூடு பரவலையே வைத்துக்கொண்டு, 'அழுத்தம் கொடுத்து நீரை எதிர்த்திசையில் செலுத்துதல்' என்ற வரியை அதன் பக்கத்திலேயே வைக்கலாம் என்பேன். வீடுகளில் இதை ஆர்.ஓ. தண்ணீர் என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பாடநூல் ஒளிக்க வேண்டியதில்லை, 'வீட்டில் ஆர்.ஓ. என்று நாம் சொல்லும் கருவி இந்த முறையில்தான் இயங்குகிறது' என்று ஒரு முறை எழுதினால், மாணவர் ஏற்கெனவே அறிந்தது பாடத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

அச்சான பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. பாடம் நடக்கும்போது வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆசிரியர் எந்த இடத்தில் நூலின் சொல்லைச் சொல்லிவிட்டு 'அதாவது' என்று இன்னொரு சொல்லுக்குத் தாவுகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை தாவினால் அது விளக்கம். ஒவ்வொரு முறையும் தாவினால் அச்சில் இருக்கும் சொல் தோற்றுவிட்டது. அவர் தாவிய சொல்லே அடுத்த பதிப்புக்கு வேட்பாளர். மறுநாள் நூலை மூடிவைத்து, முட்டைக்கு என்ன ஆனது என்று மாணவர்களைச் சொல்லச் சொன்னால், 'தண்ணி சவ்வு வழியா உள்ள போச்சு' என்று பேச்சுவழக்கில் சரியாகச் சொல்பவர்கள் கலைச்சொல்லை எங்கே கைவிடுகிறார்கள் என்பதும் தெரியும்.

கடைசியாக வினாத்தாள். பாடத்தில் செறிவு மிகுந்த கரைசல் என்று படித்த மாணவரிடம் தேர்வில் அடர் கரைசல் என்று கேட்டால், அவர் அறிவியலில் தவறவில்லை, நாம் சொல்லில் தவறுகிறோம். ஆகவே ஒரு பாடத்தின் சொற்களை முடிவுசெய்யும்போதே அதற்கான மாதிரி வினாக்களையும் அதே மேசையில் எழுதிவிட வேண்டும்: 'ஓடு நீக்கிய முட்டையைச் சர்க்கரைப் பாகில் வைத்தால் அது ஏன் சுருங்குகிறது? நீர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குச் சென்றது என்பதைக் குறிப்பிட்டு விடையளிக்க.' சவ்வூடு பரவல் என்ற பெயரைக் கேட்காமலேயே அதை அறிந்தவரா என்று இந்த வினா சோதிக்கிறது. பெயரை எழுதுபவருக்கு அதற்கென ஒரு மதிப்பெண் தனியாக ஒதுக்கலாம்.